நிறப்பார்வைக் குறை சோதனைக்கு கலர் ஆரக்கிள்: நெடுநாள் பயன்படுத்திய பிறகு

புதுச்சேரியில் டிசைன் வேலை. இப்போதெல்லாம் பாதிப் படங்கள் ஏஐயில்தான் பிறக்கின்றன. அவற்றில் பிராண்ட் நிறங்கள் எல்லார் கண்ணுக்கும் பிரிந்து தெரிகிறதா என்று பார்க்க நான் வைத்திருப்பது கலர் ஆரக்கிள். இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். மெனுவில் `Deuteranopia` கொடுத்தால், பச்சையை உணரும் கூம்பு செல்கள் வேலை செய்யாதவருக்குத் தெரிவதைப்போல் திரை முழுவதும் மாறிவிடும்.

ஒரு விடுதிக்குச் செய்த வரைபடத்தைச் சொல்கிறேன். மாலையில் வாகனங்களுக்கு மூடப்படும் கடற்கரைச் சாலை சிவப்பில் (`#C62828`), மற்ற தெருக்கள் பச்சையில் (`#2E7D32`). இரண்டுமே விடுதியின் லோகோ நிறங்கள். பின்னணியில் ஏஐ வரைந்த மஞ்சள் சுவர் வீடுகள். சாதாரணக் கண்ணுக்கு அருமையாக இருந்தது. ஆரக்கிளைப் போட்டதும் இரண்டு கோடுகளும் ஒரே பழுப்பாகிவிட்டன. காரணம் எளிது: இரண்டுக்கும் வெளிச்ச அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான், கான்ட்ராஸ்ட் 1.1:1. சாயல் வித்தியாசம் போய்விட்டால் பிரித்துக் காட்ட வேறெதுவும் இல்லை.

எனக்கு அதைவிட உறுத்தியது சுவர். வெயில் பட்ட மஞ்சளில் கோடு தெரிந்தது. நிழல் விழுந்த இடத்தில் மஞ்சளும் அதே பழுப்புக்கு இறங்கிவிட, கோடு சுவரோடு கரைந்தது. லோகோ நிறங்கள் இரண்டை மட்டும் தட்டையான கட்டங்களாக வைத்துச் சோதித்திருந்தால் இது சிக்கியிருக்காது.

இன்னொரு தொல்லை, ஏஐயிடம் நிறக் குறியீட்டைக் கொடுத்தாலும் அது அப்படியே வராது. ஐ-டிராப்பரை வைத்தால் இடத்துக்கு ஒரு பச்சை. அதனால் பொருள் சொல்ல வேண்டிய கோடுகளை ஏஐயிடம் விடுவதே இல்லை. தெருவையும் வீட்டையும் அது வரையட்டும், கோட்டை நான் தனி லேயரில் போடுகிறேன். இந்த வரைபடத்தில் சிவப்பை அப்படியே வைத்து, பச்சையை `#A5D6A7` என்று வெளிறவைத்தேன். கான்ட்ராஸ்ட் 3.4 ஆனது, இணைய அணுகல்தன்மை வழிகாட்டியான WCAG வரைகலைக்குக் கேட்பது குறைந்தது 3. வெளிர்பச்சை வெயில் சுவரில் தொலையாமலிருக்க அடர்ந்த கரை கொடுத்து, மூடும் சாலையைப் புள்ளிக்கோடாக்கினேன். லோகோ பச்சையை மாற்ற உரிமையாளர் முதலில் சம்மதிக்கவில்லை. லோகோவில் பழைய பச்சையே இருக்கும், வரைபடத்தில் மட்டும்தான் வெளிர் என்றதும் சரி என்றார்.

குறைகளும் உண்டு. ஆரக்கிள் காட்டுவது அசையாத படம். மவுஸைத் தட்டினால் பழைய நிறம் திரும்பிவிடும், அதை வைத்துக்கொண்டே வேலை செய்ய முடியாது. வெப் பக்கம் என்றால் குரோம் டெவ்டூல்ஸின் `Rendering` பகுதியில் உள்ள `Emulate vision deficiencies` இதைவிட வசதி. அப்புறம், இது எண் எதுவும் சொல்லாது. கான்ட்ராஸ்ட்டை வேறு கருவியில்தான் கணக்கிட வேண்டும். முழுக் குறையைத்தான் காட்டும், பலருக்கு இருப்பதோ பகுதிக் குறை. எங்கள் அச்சகத்து அண்ணன் ஒருவருக்கு அப்படித்தான். பழைய வரைபடத்தைக் காட்டினேன்.

"பெருசாப் பாத்தா தெரியுது தம்பி. போன்ல வந்தா ரெண்டும் ஒண்ணுதான்."

அதிலிருந்து, வாட்ஸ்அப்பில் அனுப்பி இறக்கிய பிரதியைத்தான் சோதனைக்கு எடுக்கிறேன். ஜேபெக் சுருக்கத்தில் வெளிச்சத்தைவிட நிற விவரம் அதிகம் அடிபடும், மெல்லிய கோடுகளில் இது நன்றாகவே தெரியும்.