விசில் வராத பருப்பும் என் 11 வருடக் குக்கரும்

எங்கள் வீட்டுக் குக்கர் 5 லிட்டர் அலுமினியம். மூடி பாத்திரத்துக்கு வெளியே பூட்டிக்கொள்ளும் வகை. வாங்கி 11 வருடம் ஆகிறது, தினமும் ஒரு முறையாவது அடுப்பேறும். ஒரு கைப்பிடி மாற்றினேன். ரப்பர் ஏழெட்டு மாற்றியிருப்பேன். பாத்திரத்தைப் பற்றிக் குறை எதுவும் இல்லை. அதை நான் பயன்படுத்திய விதத்தில்தான் குறை இருந்தது. இரண்டு முறை விசில் வராமல் போனதில் அது புரிந்தது.

முதல் முறை, வாங்கி மூன்றாவது வருடம். அடியில் தண்ணீர் ஊற்றி, பாத்திரத்தில் அரிசி வைத்து மூடியிருந்தேன். விசில் வரவில்லை. மூடியின் ஓரத்தில் புஸ்ஸென்று சத்தம், பக்கவாட்டில் தண்ணீர் வடிந்து அடுப்பில் சொட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் என்று நான் பாட்டுக்கு வேறு வேலையில் இருந்துவிட்டேன். ஆவியெல்லாம் ஓரத்திலேயே போய், அடித்தண்ணீர் வற்றி, கடைசியில் மூடியிலிருந்த சேஃப்டி வால்வு உருகிப் பெரிய சத்தத்தோடு ஆவி பீறிட்டது. அந்த வால்வின் நடுவில் சீக்கிரம் உருகும் உலோகம் இருக்கிறது. குக்கர் அளவுக்கு மீறிச் சூடானால் அது உருகி வழிவிடும், அதன் வேலையே அதுதான். காரணம், ஒன்றரை வருடமாக மாற்றாத ரப்பர். கழற்றி வளைத்துப் பார்த்தால் நெகிழ்வே இல்லை, உட்பக்கம் மெல்லிய கீறல்கள். புது ரப்பர், புது வால்வு போட்டதும் சரியாகிவிட்டது. விசில் வரவில்லை என்றால் ரப்பர்தான் என்று அன்று மனதில் பதிந்துபோனது.

அந்த முடிவு பாதிதான் சரி. இரண்டாவது முறை ஒரு ஞாயிற்றுக்கிழமை. விருந்தாட்கள் வந்திருந்ததால் பாத்திரம் வைக்காமல் நேரடியாகக் குக்கரிலேயே இரண்டு டம்ளர் துவரம்பருப்பு, ஆறு டம்ளர் தண்ணீர், நான்கு தக்காளி போட்டு, மூடியதுமே வெயிட்டையும் வைத்துவிட்டேன். வழக்கமாகப் பத்து நிமிடத்தில் முதல் விசில் வரும். பதினைந்து நிமிடம் ஆகியும் வரவில்லை. ஓரத்தில் சத்தமும் இல்லை, ஒரு சொட்டும் வடியவில்லை. வெயிட் அசையவே இல்லை. ரப்பர் புதுசு என்பதால் எனக்கு எதுவும் பிடிபடவில்லை. அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் விட்டு, கரண்டிக் காம்பால் வெயிட்டை லேசாகத் தூக்கினேன். ஆவி வரவில்லை. பிரஷரே ஏறவில்லை போலிருக்கிறது என்று கைப்பிடியைத் திருப்பினேன். நகரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தப் போனேன்.

பின்னாலிருந்து அத்தை, "இறுகியிருந்தா உள்ள ஆவி இருக்குன்னு அர்த்தம்மா. கையை எடு, அது பாட்டுக்குக் கிடக்கட்டும்" என்றார்.

ஒரு மணி நேரம் கழித்து, பாத்திரத்தில் கை வைத்தால் சூடு தாங்கும் அளவுக்கு ஆறிய பிறகு, மூடி தானாக இளகித் திறந்தது. மூடியைத் திருப்பிப் பார்த்தால், ஆவிக்குழாயின் உள்வாயில் ஒரு தக்காளித் தோல், அதன் மேல் பருப்பு மாவு போல அப்பியிருந்தது. வெயிட்டைத் தூக்கியபோது ஆவி வராததற்கு அதுதான் காரணம். உள்ளே பிரஷர் இருந்தது, வெளியே வர வழிதான் இல்லை. நான் அழுத்தித் திருப்பியிருந்தால் கொதிக்கும் பருப்பு மொத்தமும் முகத்தில் வந்திருக்கும்.

ஆக, விசில் வராததில் இரண்டு வகை. ஓரத்தில் சீறலும் சொட்டும் இருந்தால் ரப்பர். அணைத்து, ஆறவிட்டு, ரப்பரை மாற்றினால் போதும். சத்தமே இல்லாமல் இருந்தால் குழாய் அடைப்பு என்று சந்தேகப்பட வேண்டும், பயப்பட வேண்டியதும் இதற்குத்தான். எட்டி நின்று அடுப்பை அணைத்துவிட்டு, குக்கரை நகர்த்தாமல், வெயிட்டைத் தொடாமல், முழுக்க ஆறும்வரை விட்டுவிடுவதுதான் வழி. வெயிட்டைத் தூக்கிப் பார்க்கும் சோதனைக்குக் குழாய் திறந்திருந்தால்தான் அர்த்தம் உண்டு.

அன்றிலிருந்து மூடுவதற்கு முன் மூடியை ஜன்னல் பக்கம் தூக்கிக் குழாய் வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கிறேன். தெரியவில்லை என்றால் ஊக்கால் குத்தி, குழாய்க்குத் தண்ணீர் காட்டுவேன். வெயிட்டின் உட்பக்கத்திலும் பருப்புத் தண்ணீர் காய்ந்து ஒட்டும், அதையும் கழுவ வேண்டும். அப்புறம், வெயிட் இல்லாமல் மூடி அடுப்பில் வைத்து, குழாயிலிருந்து ஆவி நேராக, விடாமல் வந்த பிறகுதான் வெயிட் போடுகிறேன். வாங்கியபோது கூட வந்த புத்தகத்தில் இது எழுதித்தான் இருந்தது, யார் படித்தார்கள்? இந்த இரண்டு மூன்று நிமிடத்தில் குழாய் திறந்திருப்பதும் தெரிந்துவிடும், உள்ளிருக்கும் காற்றும் வெளியேறிவிடும். அன்று இப்படிச் செய்திருந்தாலும் கொதி வந்த பிறகு தோல் போய் அடைத்திருக்கலாம். அதனால் நேரடியாகப் பருப்பு வைத்தால் பாதிக்கு மேல் நிரப்புவதில்லை, நுரை அடங்க ஒரு ஸ்பூன் எண்ணெய் விடுகிறேன், தக்காளியைத் தனியாக வதக்கிச் சேர்க்கிறேன். பாத்திரத்துக்குள் வைத்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

ஆவியை இறக்குவதிலும் ஒரு பழக்கத்தை விட்டேன். முன்பு அவசரத்துக்கு, அணைத்த கையோடு வெயிட்டைத் தூக்கிவிடுவேன். காய்க்குப் பெரிய வம்பு இல்லை. பருப்புக்கு அது ஆகவே ஆகாது. பிரஷரில் உள்ளே சூடு கிட்டத்தட்ட 120 டிகிரி இருக்கும். பிரஷரைச் சட்டென்று இறக்கினால் அந்தச் சூட்டுக்கு முழுப் பருப்பும் ஒரேயடியாகப் பொங்கிக் குழாய் வழியாகப் பீய்ச்சும். சுவரில் மஞ்சள் கறை இருக்கிற சமையலறைகள் எல்லாம் இந்த அவசரத்தில் வந்தவைதான். அடுத்த தடவைக்கான அடைப்பும் அப்போதுதான் குழாயில் சேர்கிறது. இப்போது பருப்பு, சாதம், கடலை எதுவானாலும் பத்துப் பதினைந்து நிமிடம் தானாக அடங்க விடுகிறேன். உருளைக்கிழங்கு மாதிரி ஏதாவது அவசரமென்றால் குக்கரைத் தொட்டியில் வைத்து மூடியின் ஓரத்தில் குளிர்ந்த தண்ணீர் விடுவேன், குழாயின் மேல் விடுவதில்லை. அதன் பிறகு வெயிட்டைத் தூக்கிச் சத்தம் இல்லையென்று பார்த்து, மூடி லேசாகத் திரும்பினால்தான் திறப்பேன். அதுவும் மூடியை முகத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்து.

ரப்பரைக் கழுவும்போது கழற்றிக் காயவைத்தால் ஒரு வருடம் வருகிறது. தளர்ந்துபோனால் ஃப்ரீசரில் பத்து நிமிடம் வைத்துப் போடும் வித்தை அந்த வேளைச் சமையலுக்கு மட்டும் உதவும், மறுநாள் கடைக்குப் போயே ஆக வேண்டும். போகும்போது பழைய ரப்பரையோ மூடியையோ கொண்டுபோய் அதே மாடலுக்குரியதாக வாங்குகிறேன். லிட்டர் கணக்கை மட்டும் சொல்லி வாங்கிய ஒன்று, பொருந்தின மாதிரியே இருந்து ஒரு வாரம் ஒழுகியது. வெயிட்டும் அப்படியே, வேறு குக்கரின் வெயிட்டை மாற்றிப் போடுவதில்லை. சேஃப்டி வால்வு உருகிப் போய் நின்ற அந்த முதல் முறை, பழுது பார்ப்பவர் ஒருவர், "இதுக்கு ஒரு போல்ட்டு போட்டு முறுக்கிடுறேன், இனிமே போகவே போகாது" என்றார். மூடியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.