நிப்பிளை போட்டோ எடுத்துக் கடைக்கு அனுப்பிய நாலு வருட அனுபவம்

எங்கள் ஊரில் நல்ல ஹார்ட்வேர் கடை கிடையாது. டவுனுக்குப் போய்வர ஒரு மணி நேரம் ஆகும். அதனால் நாலு வருடமாக வீட்டுக் குழாய் வேலைக்கு எது வேண்டுமானாலும் பழைய சாமானைக் கழற்றி, போட்டோ எடுத்து, கடைக்கார அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். சாயங்காலம் டவுனிலிருந்து வரும் யாரிடமாவது அவர் கொடுத்தனுப்புவார். இந்த ஏற்பாடு எங்கே கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது என்று எழுதிவைக்கலாம் எனத் தோன்றியது.

முதல் தோல்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். துணி துவைக்கும் இடத்துக் குழாய்க்குப் பின்னால் எக்ஸ்டென்ஷன் நிப்பிள் ஒன்று கீறல் விட்டுவிட்டது. டைல்ஸ் ஒட்டியபின் சுவருக்குள் எல்போ உள்வாங்கிப் போனால், குழாயை வெளியே கொண்டுவரப் போடுவார்களே, ஒரு பக்கம் வெளிமரை, மறுபக்கம் உள்மரை, அதுதான். அளவு தெரியட்டும் என்று பத்து ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைத்து, நிப்பிளை மரை மேலே இருக்கும்படி நிறுத்தி, மேலிருந்து கிட்டத்தில் பிடித்து ஒரு படம் எடுத்தேன். படம் பளிச்சென்று வந்தது. "முக்கால் சார், அனுப்பிடறேன்" என்றார் அண்ணன். வந்தது முக்கால் இஞ்ச். சுவரில் இருந்ததோ அரை இஞ்ச்.

அவர் மேல் தப்பில்லை. பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர். முக்கால் இஞ்ச் வெளிமரை 26.4. படத்தில் நிப்பிளும் நாணயமும் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரிந்தன, அவர் முக்கால் என்றார். ஆனால் நிப்பிளின் உயரம் 3 சென்டிமீட்டர். போன் இருந்தது மேசையிலிருந்து 15 சென்டிமீட்டரில். அப்படியானால் நாணயம் கேமராவுக்கு 15 தூரத்தில், நிப்பிளின் மேல்வாய் 12 தூரத்தில். கிட்ட இருப்பது 15-க்கு 12 என்ற கணக்கில், அதாவது கால் பங்கு, பெரிதாகத் தெரியும். அரை இஞ்ச் மரையின் நிஜ விட்டம் 21 மில்லிமீட்டர். அதோடு கால் பங்கு கூட்டினால் 26-க்கு மேல். அச்சு அசலாக முக்கால் இஞ்ச்!

(அரை இஞ்ச் என்றால் 12.7 மில்லிமீட்டர்தானே, 21 எப்படி என்று கேட்பவர்களுக்கு: அந்தப் பெயர் பழைய இரும்புக் குழாயின் உள்துவாரத்தை வைத்து வந்தது. வெளிமரையில் ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு "முக்கால் இஞ்ச் கொடுங்க" என்று கேட்டு வாங்கி வருபவர்கள் இன்றும் உண்டு. நானும் ஒரு தரம் அப்படித்தான்.)

அதன் பிறகு இரண்டு விஷயத்தில் கவனமாக இருக்கிறேன். போனை இரண்டு அடி தள்ளிப் பிடித்து, ஜூம் பண்ணி எடுக்கிறேன். 60 சென்டிமீட்டர் தூரத்தில் அதே 3 சென்டிமீட்டர் உயரம் ஐந்து சதவீதம்தான் ஏமாற்றும். இரண்டாவது, ஒரு ரூபாய் நாணயத்தை வைப்பதில்லை. ஒரு ரூபாய் வருடத்துக்கு ஒரு அளவில் வந்திருக்கிறது. கையில் இருக்கும் சில்லறையை அடுக்கிப் பார்த்தாலே தெரியும். பத்து ரூபாய் அப்படி அளவு மாறியதில்லை.

ஆனால் உண்மையில் எனக்குக் கைகொடுத்தது நாணயமே தேவைப்படாத ஒரு வழி. நிப்பிளைப் படுக்கவைத்துப் பக்கவாட்டில் படம் எடுக்க வேண்டும். மரையில் ஒட்டியிருக்கும் டெஃப்லான் டேப்பை முதலில் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் மரை எண்ண முடியாது. அப்புறம் படத்தைத் திரையில் பெரிதாக்கி, சாதாரண ஸ்கேலை வைத்து இரண்டே அளவு எடுப்பேன். ஒன்று மரையின் வெளி விட்டம். நுனியில் கொஞ்சம் ஒடுங்கியிருக்கலாம், அதனால் மரைப் பகுதியின் நடுவில் அளப்பது நல்லது. இன்னொன்று, ஓரத்தில் தெரியும் மேடுகளில் முதல் மேட்டிலிருந்து ஆறாவது மேடு வரை உள்ள நீளம். அது ஐந்து இடைவெளி.

அந்தக் கீறல் விட்ட நிப்பிளையே பிறகு இப்படி எடுத்துப் பார்த்தேன். திரையில் விட்டம் 63 மில்லிமீட்டர், ஐந்து இடைவெளி 27. ஓர் இடைவெளி 5.4. 63-ஐ 5.4-ஆல் வகுத்தால் 11.7. அரை இஞ்ச் மரைக்கு இந்த எண் பதினொன்றரை வர வேண்டும், முக்காலுக்குப் பதினாலரை. சந்தேகமே இல்லாமல் அரை. படம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்த விகிதம் மாறாது என்பதுதான் இதில் உள்ள சௌகரியம். அரைக்கும் முக்காலுக்கும் இஞ்ச்சுக்கு 14 மரைதான், இடைவெளி ஒன்றே. விட்டம் மட்டும் வேறு, அதனால் விகிதம் பிரிந்துவிடுகிறது. முழு இஞ்சுக்கு 11 மரை. அதன் விகிதமும் பதினாலரைப் பக்கமே வந்து முக்காலோடு மோதும். ஆனால் அந்த இரண்டையும் கையில் எடுத்த யாரும் குழம்பப்போவதில்லை.

சிங்க் குழாயின் வாயில் இருக்கும் சல்லடை மூடியான ஏரேட்டர் அடைத்துக்கொண்டபோது இந்தக் கணக்கே காப்பாற்றியது. மேலோட்டமாகப் பார்த்தால் அதுவும் குழாய் மரை மாதிரித்தான். விகிதம் 24 வந்தது. குழாய் மரை எதிலும் அப்படி வராது. அது 24 மில்லிமீட்டர் விட்டம், ஒரு மில்லிமீட்டர் இடைவெளி உள்ள மெட்ரிக் மரை. "எம்24 வெளிமரை ஏரேட்டர்" என்று எழுதி அனுப்பினேன், சரியாகவே வந்தது.

இனி போட்டோவால் ஆகாதவை. உள்மரையைப் படம் பிடித்து அளக்க முடியாது, நிழல்தான் விழும். அதற்குள் போய்ப் பொருந்தும் வெளிமரைச் சாமான் வீட்டில் எது என்று பார்த்து, அதைப் படம் எடுப்பதே வழி. அமெரிக்காவிலிருந்து மச்சினன் கொண்டுவந்த ஷவரில் நான் தோற்றேன். அங்கே என்பிடி என்ற வகை மரை, இங்கே பிஎஸ்பி வகை. அரை இஞ்சில் இரண்டுக்கும் இஞ்ச்சுக்கு 14 மரை, விட்டமும் கிட்டத்தட்ட ஒன்று. வித்தியாசம் மரையின் கோணத்தில்: அங்கே 60 டிகிரி, இங்கே 55. படத்தில் அது தெரியாது. இரண்டு மூன்று சுற்று நன்றாக ஏறியது, அப்புறம் இறுகியது, தண்ணீர் திறந்ததும் கசிந்தது. எவ்வளவு டேப் சுற்றியும் நிற்கவில்லை.

பிளாஸ்டிக் பைப்பென்றால் நான் மரையையே பார்ப்பதில்லை, பைப் மேல் அச்சடித்திருக்கும் வரியைப் படம் எடுக்கிறேன். அரை இஞ்ச் சிபிவிசி பைப்பின் வெளிவிட்டம் 16 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இஞ்ச் கணக்கில் வரும் அரை இஞ்ச் யுபிவிசி பைப்போ 21. இரண்டுக்கும் பெயர் அரைதான், பைப்பை இணைக்கும் காலர் மாற்றி வந்தால் ஒன்றில் பைப் நுழையவே நுழையாது, மற்றதில் தொளதொளவென்று ஆடும்.

வாஷருக்கு மட்டும் போட்டோ அனுப்புவதை விட்டுவிட்டேன். பழைய வாஷர் நசுங்கிப் படுத்திருக்கும். புதிதாக இருந்தபோது எவ்வளவு கனம், ரப்பர் எவ்வளவு கெட்டி என்பதெல்லாம் படத்தில் வராது. போன மாதம் ஹெல்த் ஃபாசெட் ஹோஸில் ஒழுகியபோது பழையதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நானே பஸ் ஏறினேன். அண்ணன் அதை விரலால் ஒரு நசுக்கு நசுக்கிப் பார்த்துவிட்டு, டப்பாவிலிருந்து மூன்று கனத்தில் மூன்று வாஷர் எடுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். நடுவில் உள்ளது பொருந்தியது.