தறிக்குடோனில் ஸ்லோமோஷன்: 240-ஐ விட 120 ஏன் தேறியது

சோமனூர்ப் பக்கம் எங்கள் தறிக்குடோனில் ஸ்லோமோஷன் வீடியோவை முக்கியமாக ஒரே வேலைக்குத்தான் பயன்படுத்துகிறேன். ஊடை நூலைச் சுமந்து தறியின் குறுக்கே ஓடுகிற நாடா, ஓரத்துப் பெட்டிக்குள் போய்ச் சரியாக நிற்கிறதா, முட்டித் திரும்புகிறதா என்று பார்க்க. கண்ணுக்கு அது பிடிபடாது.

வாசலில் பகல் வெளிச்சத்தில் 240 பிரேமில் எடுத்தால் அருமை. அதே போன், உள்ளே டியூப் லைட்டில் எடுத்தால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கும். கேமரா பழுதில்லை. நொடிக்கு 30 பிரேம் எடுக்கும்போது ஒவ்வொரு பிரேமுக்கும் அதிகபட்சம் 1/30 நொடி வெளிச்சம் கிடைக்கும். 240-இல் 1/240 நொடிதான், அதாவது எட்டில் ஒரு பங்கு. போன் லென்ஸை அதற்கு மேல் திறக்கவும் வழியில்லை. அதனால் ஐஎஸ்ஓவை ஏற்றி, வந்த கொஞ்ச வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டுகிறது. கூடவே புள்ளியாகத் தெரியும் இரைச்சலும் பெருகுகிறது.

அப்புறம் இந்த ஓரம் வெட்டுப்படுகிற தொல்லை. சாதாரண வீடியோவில் தறியின் இரண்டு பக்கப் பெட்டியும் தெரியும். என் போனில் 240-க்கு மாற்றினால் ஒரு பெட்டி வெளியே போய்விடுகிறது. பின்னால் நகரலாம் என்றால் அடுத்த தறி இருக்கிறது. சென்சார் முழுவதையும் அவ்வளவு வேகமாகப் படித்து முடிக்க முடியாததால், பல போன்கள் நடுப்பகுதியை மட்டும் படிக்கின்றன. ஆட்டம் குறைக்கும் வசதி ஓரத்தில் இன்னும் கொஞ்சம் கத்தரிக்கும். சென்சாரில் பயன்படும் இடம் சுருங்கினால் சேரும் மொத்த வெளிச்சமும் குறையும். புள்ளி இன்னும் கூடும்.

டியூப் லைட் விட்டு விட்டு மினுங்குவது தனிக்கதை. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் போட்ட டியூப் நொடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கும். 240-இல் எடுத்து எட்டு மடங்கு மெதுவாக ஓட்டினால், திரையில் நொடிக்குப் பன்னிரண்டு தடவைக்கு மேல் துடிக்கிறது.

இப்போது நான் செய்வது இதுதான். 120 பிரேம், ஸ்டாண்டில் போன், ஆட்டம் குறைக்கும் வசதி ஆஃப். எங்கள் தறி நிமிடத்துக்கு 120 ஊடை போடுகிறது, அதாவது ஒரு ஊடைக்கு அரை நொடி. அதற்குள் 60 பிரேம் கிடைக்கிறது. நாடா திரும்புவதைக் கண்டுபிடிக்க அது தாராளம். சின்ன பாட்டரி லைட் ஒன்றை நாடா ஓட்டத்துக்கு எட்டாத இடத்தில், பெட்டியைப் பார்த்து வைக்கிறேன். நாலடியில் இருந்த லைட்டை இரண்டடிக்குக் கொண்டுவந்தால் வெளிச்சம் ஏறத்தாழ நாலு மடங்காகும். மெயின் கரண்டில் ஓடாததால் அந்த 100 தடவைத் துடிப்பும் அதில் இல்லை.

சில போன்களில் இருக்கும் 960-ஐ இந்த வேலைக்கு நம்பமாட்டேன். பல போன்களில் நடுவில் வரும் பிரேம்களைப் போனே கற்பனை செய்து நிரப்புகிறது. நாடாவின் முனையைப் பாருங்கள்: விளிம்பு குழைந்து, நூல் இழைகளோடு கரைந்தது போல் இருந்தால் அது நிரப்பிய பிரேம். அதைப் பார்த்து பிட்டர் பெட்டியை இறுக்கவும் கூடாது, தளர்த்தவும் கூடாது.