கிர்த் கியருக்கு ஸ்ப்ரே போட்டு ஆறு வருஷம்: கரூர் நண்பருக்குச் சொன்ன பதில்

போன வாரம் மூன்றாவது முறையாக நாசில் மாற்றினேன். கை கழுவி நிமிர்வதற்குள் கரூரிலிருந்து நண்பர் போன் பண்ணினார். அவரும் என்னைப்போல், உருண்டைகள் போட்டுச் சுற்றும் பால் மில்லில் குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் கல்லை அரைப்பவர். "அண்ணா, பால் மில்லுக்கு ஸ்ப்ரே சிஸ்டம் போடலாமுங்களா? இப்ப விலை இறங்கியிருக்குதுங்க" என்று கேட்டார். அப்போது இருந்த மனநிலையில் "வேண்டாங்க" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன். அது நியாயமான பதிலா என்று நாலு நாளாக யோசித்து இதை எழுதுகிறேன்.

எங்கள் மில் 2.2 மீட்டர் விட்டம், நிமிஷத்துக்கு 21 சுற்று. மில் உடம்பைச் சுற்றி வளையமாக இருக்கும் பெரிய பல்சக்கரம்தான் கிர்த் கியர்; அதன் பல் அகலம் 300 மில்லிமீட்டர். அந்தப் பல்லுக்கு மசகு போட முதலில் சொட்டு எண்ணெய், பிறகு தொட்டியில் முக்கி எடுப்பது, 2019 முதல் ஸ்ப்ரே. மூன்றையும் இதே மில்லில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

சொட்டு முறையில் மேலே ஒரு டப்பா, அதற்கு ஒரு காக், அவ்வளவுதான். காக் வழியாகச் சொட்ட வேண்டுமானால் எண்ணெய் ஓரளவு மெல்லிசாக இருக்க வேண்டும். மெல்லிசான எண்ணெய் இவ்வளவு பெரிய பல்லில் நிற்காது, வழிந்து ஓடிவிடும். மார்கழிக் காலையில் வைத்த சொட்டுக் கணக்கு மதிய வெயிலில் இரண்டு மடங்காகிவிடும். டப்பாவில் எண்ணெய் குறையக் குறைய சொட்டும் குறையும். 18 கிலோ வாளி ஆறு நாளில் காலியாகும். அதில் பாதி கியரை மூடியிருக்கும் கார்டுக்குள் கிடக்கும்.

முக்கி எடுக்கும் முறையில் பல் நனைவதில் எந்தக் குறையும் இல்லை. கியரின் அடிப்பாகம் தொட்டியில் இறங்கி, தடித்த எண்ணெயை அள்ளிக்கொண்டு, அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனுக்குப் போகும். மெதுவாகச் சுற்றும் சிமெண்ட் சூளைகளில் இன்றும் இப்படித்தான், அல்லது துடுப்புச் சக்கரம் வைத்து, ஓட்டுகிறார்கள். எங்களைக் கெடுத்தது தூசி. மூன்று மீட்டர் வளையத்தைச் சுற்றி ஃபெல்ட் வைத்து அடைத்தாலும் குவார்ட்ஸ் மாவு உள்ளே போகத்தான் செய்தது. நாலு மாதத்தில் எண்ணெய் சாம்பல் நிறமானது. தொட்டியில் காந்தத்தை விட்டுப் பார்த்து "இரும்புத் துகள் ஒண்ணும் பெருசா இல்லை" என்று ஃபிட்டர் சொன்னார், நானும் நம்பினேன். குவார்ட்ஸ் காந்தத்தில் ஒட்டாது. இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்திருந்தால் அன்றே நறநறவென்று தெரிந்திருக்கும். பினியன் பல்லைக் கண்ணாடிபோல் பளபளவென்று தேய்த்து, வேர்ப்பக்கம் நகத்தில் தட்டுப்படுகிற அளவுக்குப் படி விழவைத்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அடைத்து வைத்த கியருக்கு அது நல்ல முறை. குவார்ட்ஸ் தூசிக்கு நடுவே ஓடும் கியருக்கு அது உப்புத்தாளை எண்ணெயில் ஊறவைத்துத் தேய்ப்பது போலத்தான்.

ஸ்ப்ரே வந்ததும் பல்லின் தோற்றமே மாறியது. காற்றில் ஓடும் பம்ப் கிராஃபைட் கலந்த கிரீஸை மூன்று நாசிலுக்கும் அனுப்பும். காற்று அதைத் தூவலாக்கி, பினியனில் சேர்வதற்கு முன்னால், சுமை தாங்கும் பக்கத்தில் படிய வைக்கும். பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை. பழைய கிரீஸ் வழிந்து கீழே போகும், தூசியும் அதோடு போகும், திரும்பி வராது. 18 கிலோ வாளி இப்போது மூன்று வாரம் வருகிறது. சொட்டுக் காலத்தில் வாங்கிய பினியனுக்கும் இப்போதைய பினியனுக்கும் தேய்மானத்தில் ஒப்பீடே இல்லை. பிரஷ்ஷை வைத்துக்கொண்டு கியர் பக்கத்தில் யாரும் நிற்க வேண்டியதில்லை என்பது எனக்கு இதையெல்லாம் விடப் பெரிய நிம்மதி.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். விற்கும்போது "ஒரு நாசில் அடைத்தாலும் அலாரம் அடிக்கும்" என்றார்கள். சொன்னது பொய்யில்லை. ஆனால் பாதிதான். கிரீஸைப் பங்கு பிரிக்கும் பிளாக்கில் பிஸ்டன்கள் வரிசையாகத்தான் நகரும். ஒரு வழி அடைத்தால் எல்லாமே நின்றுவிடும், கணக்கு முள் அசையாது, அலாரம் அடிக்கும். இது கிரீஸ் பக்கத்துக் கதை. நாசிலில் காற்றுக்கென்று தனியாகச் சின்னத் துளை இருக்கிறது. அது அடைத்தால் எந்தக் கருவிக்கும் தெரியாது. கிரீஸ் வழக்கம்போல் வரும், முள் வழக்கம்போல் அசையும், பேனலில் பச்சை விளக்கு எரியும். தூவலாகப் போக வேண்டிய கிரீஸ் மட்டும் நாசில் வாயிலேயே உருண்டு கட்டியாகக் கார்டுக்குள் விழும். பல்லின் மூன்றில் ஒரு பங்கு காய்ந்து ஓடும்.

முதல் தடவை இது நடந்தபோது பட்ட பாட்டைச் சொல்கிறேன். இதே வேலை செய்பவர்களுக்கு உதவும். தொடாமலே சூட்டை அளக்கும் வெப்பத் துப்பாக்கியால் பினியனை, சரக்கு வெளியேறும் பக்கம், நடு, சரக்கு நுழையும் ஃபீட் பக்கம் என்று தினமும் மூன்று இடத்தில் அளப்போம். எப்போதும் மூன்றும் 50-ஐ ஒட்டியே இருக்கும். அன்று 51, 53, 68. ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் எட்டுப் பத்து டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் இரண்டு பல்சக்கரமும் நேராகச் சேருகிறதா என்று, அதாவது அலைன்மெண்ட்டைச் சந்தேகப்பட வேண்டும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் சொல்வது. சர்வீஸுக்கு வந்தவரும் அளவைப் பார்த்தவுடன் அதையே சொன்னார். மில்லை நிறுத்தி, பினியனின் பேரிங்கைத் தாங்கும் பிளம்மர் பிளாக்குக்கு அடியில் ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்தோம். ஒரு நாள் உற்பத்தி போயிற்று. மறுநாள் அளந்தால் 57, 54, 66. ஒரு பக்கம் இறங்கியதைவிட மறுபக்கம் அதிகமாக ஏறியிருந்தது.

அதற்குப் பிறகுதான் கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பல்லைப் பார்த்தேன். ஃபீட் பக்கம் அரை ஜாண் அகலத்துக்குக் கொஞ்சம் குறைவாக, கறுப்புப் படலம் இல்லாமல் வெள்ளி நிறத்தில் ஒரு பட்டை. நாசிலைக் கழற்றினால் காற்றுத் துளையில் துருத் தண்ணீரும் மாவும் சேர்ந்து இறுகிய கட்டி. சுத்தம் செய்து ஓட்டினேன். 61, 54, 50 ஆனது. சரியாக இருந்த அலைன்மெண்ட்டை நாங்களே கெடுத்திருந்தோம். ஷிம்மை எடுத்த பிறகுதான் பழைய நிலைக்கு வந்தது.

அலைன்மெண்ட் கோணலாக இருந்தால் சூடு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் படிப்படியாக ஏறும். 50, 59, 68 என்பதுபோல் நடு அளவு நடுவிலேயே நிற்கும். நாசில் அடைத்தால் அந்த நாசிலின் எல்லை வரை சாதாரணமாக இருந்து, அங்கே திடீரென்று தாவும். எங்களுடையது 53-லிருந்து 68-க்குத் தாவியது. அளவே சொல்லிக்கொண்டிருந்தது, நாங்கள்தான் படிக்கவில்லை. வெப்பத் துப்பாக்கி பளபளக்கும் வெற்று இரும்பை உண்மையைவிடக் குறைவாகக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். காய்ந்த பட்டையில் நிஜமான சூடு 68-ஐவிட அதிகமாகவே இருந்திருக்கும்.

இரண்டாவது அடைப்புக்குப் பிறகு காற்றுக் குழாய் எங்கெங்கே போகிறது என்று பார்த்தேன். ஸ்ப்ரேக்கும் தூசி பிடிக்கும் பேக் ஃபில்டருக்கும் ஒரே கம்ப்ரஸர். ஃபில்டர் பைகளை உதறக் காற்று அடிக்கும் நேரமெல்லாம் ஸ்ப்ரேயின் ஐந்தரை பார் மூன்றுக்கு இறங்கியது. மூன்றில் கிரீஸ் தூவலாக வராது, துப்பலாக வரும். பிரஷர் சுவிட்சை இரண்டரைக்கு வைத்துவிட்டுப் போயிருந்ததால் அலாரமும் இல்லை. இன்னொன்று, டைமர் கிரீஸையும் காற்றையும் ஒரே நொடியில் நிறுத்தியது. வாயில் மிச்சமிருக்கும் கிரீஸில் அடுத்த பன்னிரண்டு நிமிஷமும் மாவு ஒட்டும்.

இப்போது ஸ்ப்ரேக்கென்று ஒரு சின்ன ஏர் டேங்க், அதற்கு முன்னால் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வ். தண்ணீர் பிரிப்பானை ஒவ்வொரு ஷிப்டிலும் திறந்து விடுகிறோம். காற்று ஐந்து நொடி முன்னால் திறந்து, கிரீஸ் நின்ற பிறகும் இருபது நொடி ஓடுகிறது. சுவிட்ச் நாலரை பாரில் இருக்கிறது. வாரம் ஒரு முறை மில்லை நிறுத்தி, ஃபியூஸைக் கழற்றிப் பூட்டிவிட்டு, நாசிலுக்கு 200 மில்லிமீட்டர் முன்னால் அட்டை பிடித்து ஒரு ஷாட் அடிக்கிறோம். மூன்று நீள்வட்டமும் ஒன்றோடொன்று விளிம்பில் ஏறி, அட்டையில் 300 மில்லிமீட்டரும் இடைவெளி இல்லாமல் கறுக்க வேண்டும். இதையெல்லாம் நானே கண்டுபிடித்துச் செய்ய வேண்டியிருந்தது என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம். இவ்வளவு செய்தும் போன வாரம் ஒன்று அடைத்தது. ஆனால் அட்டையிலேயே பிடித்துவிட்டோம், பினியன் சூடேறவில்லை.

பக்கெட் எலிவேட்டரை ஓட்டும் டிரைவ் செயினுக்கும் ஸ்ப்ரே போடச் சொன்னார்கள். நான் போடவில்லை. அதற்குச் சொட்டுதான், அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. செயின் தேய்வது பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே, வெளியே அல்ல. முன்பு மேலே கிரீஸ் பூசி வைப்போம். அது தூசியைப் பிடித்ததே தவிர உள்ளே இறங்கவில்லை, மூட்டுகளில் செம்பழுப்பு மாவு கசிந்தது. பின் எண்ணெயில்லாமல் உராய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். இப்போது கீழ் ஓட்டத்தின் உள்பக்கத்தில், ரோலர் நடுவில் அல்லாமல், இரண்டு தகடும் சேரும் விளிம்பில் நிமிஷத்துக்குப் பத்துச் சொட்டு. ஒரு அங்குலப் பிட்ச் செயினில் 24 கண்ணி புதிதில் 609.6 மில்லிமீட்டர். 2 சதவீதம், அதாவது 622-ஐ நெருங்கினால் மாற்றுவோம். கிரீஸ் பூசிய செயின் 14 மாதத்தில் அங்கே வந்துவிட்டது. சொட்டு போட்டது மூன்று வருஷம் கழித்து 615-இல் நிற்கிறது.

ஆக, நண்பருக்கு என்ன சொல்வது? பல் நன்றாக இருக்கிறது, கிரீஸ் மிச்சமாகிறது, ஆள் பத்திரமாக இருக்கிறார். இருந்தாலும் இன்றும் அன்று சொன்ன அதே "வேண்டாங்க"தான். அவருடைய கம்ப்ரஸரும் ஃபில்டரோடு சேர்ந்தே ஓடுகிறது, ஷிப்டுக்கு ஒரே ஃபிட்டர். முதலில் ஒரு வெப்பத் துப்பாக்கி வாங்கி, இப்போதுள்ள சொட்டிலேயே ஒரு மாதம் பினியனை மூன்று இடத்தில் அளந்து எழுதி வையுங்கள் என்றேன். காற்றுக்குத் தனி டேங்க் வைக்க மனம் வந்தால் மறுபடி பேசுவோம் என்றும் சொன்னேன்.

இன்று காலை எங்கள் அளவு 50, 51, 55. மதியம் மில் நிற்கும்போது ஃபீட் பக்க நாசிலைக் கழற்றிப் பார்க்கப் போகிறேன்.