ஐ.பி. தடுப்பு: கண்ணில் சொட்டா, தண்ணீரிலா, கழுத்தில் ஊசியா?

முட்டைக்கோழிப் பண்ணையில் சளிச் சத்தம் கேட்டதும் பெரும்பாலும் மைக்கோபிளாஸ்மா கிருமியால் வரும் சி.ஆர்.டி. என்னும் நாள்பட்ட மூச்சு நோய் என்று முடிவு செய்து ஆன்டிபயாடிக் கலக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். இன்ஃபெக்‌ஷியஸ் பிராங்கைடிஸ், அதாவது பண்ணைக்காரர்கள் சுருக்கமாகச் சொல்லும் ஐ.பி., அதோடு குழம்பக் கூடாத நோய். இது கொரோனா வகை வைரஸ். ஆன்டிபயாடிக் இதைத் தொடவே தொடாது. பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும் ஈ-கோலை கிருமிக்குத்தான் அது உதவும்.

பிரித்துப் பார்க்கச் சுலபமான அடையாளம் வேகம். சி.ஆர்.டி. வாரக்கணக்கில் மெல்லப் பரவும். ஐ.பி. உடம்பில் நுழைந்து ஒன்றரை நாளுக்குள் சத்தம் காட்டிவிடும். இரண்டு மூன்று நாளில் ஷெட் முழுக்க இருமல், தும்மல், மூச்சோடு சேர்ந்த கரகரப்பு. இரவு விளக்கை அணைத்து, கோழிகள் அடங்கிய பிறகு நடுப்பாதையில் நின்று கேட்டால் தெளிவாகத் தெரியும். முகம் வீங்கி நாற்றம் அடித்தால் கொரைசா பக்கம் யோசியுங்கள். கழுத்துத் திருகல், கால் விழுதல், பச்சைக் கழிச்சல், சாவு என்றால் ராணிக்கெட் என்னும் வெள்ளைக்கழிச்சல். சத்தமே இல்லாமல் தோல்முட்டை மட்டும் கொட்டினால் எக் டிராப் சிண்ட்ரோம் என்னும் ஈ.டி.எஸ்.

முட்டையும் பேசும். நாமக்கல் பக்கம் வளர்ப்பது பெரும்பாலும் வெள்ளை முட்டைக் கோழி என்பதால் ஓட்டின் நிறம் வெளுப்பதை வைத்துக் கண்டுபிடிக்க வழியில்லை. ஓட்டில் சுருக்கம், வரி, சொரசொரப்பு, கோணல் வடிவம் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஒரு முட்டையைத் தட்டில் உடைத்து ஊற்றுங்கள். மஞ்சள் கருவைச் சுற்றிக் கெட்டியாக நிற்க வேண்டிய வெள்ளைக் கரு தண்ணீராக ஓடினால் வைரஸ் மூச்சுக்குழலைத் தாண்டி முட்டைக் குழாய்க்கு வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். வெள்ளைக் கரு சுரக்கும் இடத்தையும் ஓடு கட்டும் இடத்தையும் அது புண்ணாக்கும். பெரிய கோழியில் இந்தப் புண் ஆறிவிடும். முட்டை எண்ணிக்கை திரும்ப ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும், பல சமயம் பழைய அளவைத் தொடாது.

குஞ்சில் அப்படி இல்லை. முதல் இரண்டு வாரத்துக்குள் கடுமையான ஐ.பி. தாக்கினால் அரும்பு நிலையில் இருக்கும் முட்டைக் குழாய் நிரந்தரமாகக் கெட்டுப்போகும். அந்தக் கோழி நன்றாக வளரும், கொண்டை சிவக்கும், தீவனம் தின்னும், ஒரு முட்டைகூட வைக்காது. அறுத்துப் பார்த்தால் குழாய் நீர் கட்டிய பையாகவோ, நடுவில் அறுந்தோ இருக்கும். முப்பதாவது வாரத்திலும் பேட்ச் உச்ச உற்பத்திக்கு ஏறாமல் நின்றால் தீவனத்தைக் குறை சொல்வதற்கு முன் இப்படிப்பட்ட சில கோழிகளை அறுத்துப் பார்ப்பது நல்லது. இந்தச் சேதத்துக்கு வைத்தியமே கிடையாது. அதனால்தான் தடுப்பு மருந்துகளை ஒப்பிடும்போது முதல் டோஸை மற்றவற்றோடு சேர்க்காமல் தனியாக வைத்துப் பார்க்க வேண்டும்.

முதல் டோஸுக்கு மூன்று வழி இருக்கிறது: குஞ்சுப் பொரிப்பகத்தில் முதல் நாள் ஸ்ப்ரே, முதல் வாரத்தில் கண் சொட்டு, அல்லது குடிநீர். மூன்றிலும் உள்ளே இருப்பது ஒரே உயிர் வைரஸ்தான், வழக்கமாக மாசசூசெட்ஸ் வகையைச் சேர்ந்த எச்120. முட்டைக் கருவில் 120 முறை கடத்திச் சாதுவாக்கியது என்பதால் அந்த எண். அதன் அண்ணன் எச்52, 52 முறையோடு நின்றது, முரடு. அதைக் குஞ்சுக்குப் போடக் கூடாது.

என் ஓட்டு கண் சொட்டுக்கு. ஆயிரம் டோஸ் குப்பியை 30 மில்லி கரைப்பானில் கலந்தால் ஒரு சொட்டு 0.03 மில்லி. கண்ணுக்குள் இருக்கும் சுரப்பி ஒன்றுக்கு நோய் எதிர்ப்பில் பெரிய பங்கு உண்டு. சொட்டு நேராக அங்கே போகிறது, அங்கிருந்து மூக்குக்கும் தொண்டைக்கும் இறங்குகிறது. வைரஸ் முதலில் நுழையும் வாசலிலேயே காவல் போட்ட மாதிரி. ஒவ்வொரு குஞ்சுக்கும் முழு டோஸ் போய்ச் சேரும் என்பதுதான் பெரிய லாபம். நிறமுள்ள கரைப்பான் என்றால் சற்று நேரத்தில் நாக்கில் நிறம் தெரியும்; பத்துக் குஞ்சைப் பிடித்துப் பார்த்தால் ஆள் ஒழுங்காக வேலை செய்தாரா என்று தெரிந்துவிடும். சொட்டு விட்டதும் குஞ்சைத் தூக்கிப் போடாமல், அது கண் சிமிட்டி மருந்தை இழுத்துக்கொள்ளும் வரை பிடித்திருக்க வேண்டும். கூலிக்கு வரும் குழு அவசரப்படுவதும் இங்கேதான்.

பொரிப்பக ஸ்ப்ரே இதற்கு அடுத்த இடத்தில் நிற்கும், துளி பெரிதாக இருக்கும் பட்சத்தில். துளி மிகப் பொடியாகிவிட்டால் நுரையீரல் வரை இறங்கி, மருந்தே இருமலைக் கிளப்பும்.

குடிநீர் செலவு குறைவு. ஆனால் ஐ.பி. வைரஸ் மிக மென்மையானது, தண்ணீரில் ஒரு துளி குளோரின் இருந்தாலும் செத்துவிடும். ஆகவே இரண்டு நாள் முன்பே குளோரினையும் மற்ற மருந்துகளையும் நிறுத்த வேண்டும். மருந்து கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 2 முதல் 2.5 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடரைக் கரைத்துக் கால் மணி நேரம் விட்டுவிட்டு, அப்புறம் குப்பியைத் திறக்க வேண்டும். ஆயிரம் குஞ்சுக்கு வயது எத்தனை நாளோ கிட்டத்தட்ட அத்தனை லிட்டர்: 28 நாள் என்றால் 28 லிட்டர். முன்கூட்டி ஒரு மணி நேரம் தாகமேற்றி, ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்குள் குடித்துத் தீர்க்க வைக்க வேண்டும். நிப்பிள் குழாய் என்றால் பழைய தண்ணீரை வெளியேற்றி, கடைசி நிப்பிள் வரை மருந்துத் தண்ணீர் வந்ததைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

இதில் கோட்டைவிட்டால் வெறும் வீண்செலவோடு முடியாது. பாதிக் குஞ்சுக்கு மருந்து கிடைத்து மீதிக்குக் கிடைக்காவிட்டால், மருந்து வைரஸ் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டே போய் முரடாகும். சரியாகப் போட்ட மருந்துக்கு மூன்றாம் நாள் லேசாகத் தும்மல் தொடங்கி ஒரு வாரத்தில் அடங்கிவிடும். இரண்டு வாரம் தாண்டியும் ஷெட்டில் அங்கங்கே தும்மல் ஓயவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டியது தண்ணீர் கொடுத்த விதத்தைத்தான். நான் குடிநீரை நாலாவது வார பூஸ்டருக்கும் அதற்குப் பிறகும் மட்டும் வைத்துக்கொள்வேன்.

இன்னொன்று. வெள்ளைக்கழிச்சலுக்கான லாசோட்டா குப்பியையும் ஐ.பி. குப்பியையும் தனித்தனியாக வாங்கி வாளியில் நாமாகக் கலப்பது வேண்டாம். ஐ.பி. வைரஸ் மூச்சுக்குழலில் இடம் பிடித்து வெள்ளைக்கழிச்சல் மருந்தை வேலை செய்யவிடாது. கம்பெனியே அளவு பார்த்துச் சேர்த்த கூட்டுக் குப்பி வாங்குங்கள், இல்லையென்றால் பத்து நாளாவது இடைவெளி விடுங்கள்.

அடுத்த கேள்வி, முட்டையிடும் காலம் முழுக்கப் பாதுகாப்பை எப்படி நிறுத்தி வைப்பது என்பது. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை தண்ணீரில் லைவ், அதாவது உயிர் வைரஸ் மருந்து கொடுக்கலாம். அல்லது 15, 16-வது வாரத்தில் கூண்டுக்கு மாற்றும் சமயம் கொன்ற வைரஸை எண்ணெய்யில் கலந்த கில்டு ஊசி அரை மில்லி போடலாம். இரண்டும் செய்வது வேறு வேறு வேலை. லைவ் மூச்சுக்குழலின் சுவரில் காவல் வைக்கிறது, ஆனால் சீக்கிரம் தேய்ந்துவிடும். கில்டு இரத்தத்தில் உயரமான எதிர்ப்பை நீண்ட காலம் தாங்கி, வைரஸ் முட்டைக் குழாய்க்கும் சிறுநீரகத்துக்கும் போவதைத் தடுக்கிறது. ஆனால் கில்டு தனியாக நிற்காது. முன்னால் இரண்டு மூன்று லைவ் வாங்கிய கோழியில்தான் அது ஏறும். கடைசி லைவுக்கும் ஊசிக்கும் நடுவே நாலு முதல் ஆறு வாரம் இருக்க வேண்டும். குஞ்சு டோஸை மிச்சம் பிடித்துவிட்டு ஊசியில் சரிக்கட்டலாம் என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இதில்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்தாயிரம் கோழி, 34-வது வாரம், உற்பத்தி 93 சதவீதம். ஐ.பி. வந்து 78-க்கு இறங்கி, ஆறு வாரத்தில் சீராக ஏறி மீண்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் நஷ்டம் 1,500 முட்டை, கடைசி நாள் பூஜ்யம், சராசரி 750. ஆக 42 நாளுக்கு 31,500 முட்டை, அதாவது ஒரு கோழிக்கு மூன்று முட்டைக்குச் சற்று மேல். சுருங்கிய ஓடு, தண்ணீர்க் கரு என்று கழிவு விலைக்குப் போனதை இதில் சேர்க்கவில்லை. உங்கள் பண்ணையில் மூன்று பேட்ச்சுக்கு ஒன்றில் இது வருகிறது என்றால் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் கோழிக்கு ஒரு முட்டை காப்புச் செலவு. ஊசி விலையையும் பிடிக்கும் கூலியையும் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெள்ளைக்கழிச்சலுக்கும் ஈ.டி.எஸ்.ஸுக்கும் எப்படியும் அந்த வயதில் ஊசி போடுகிறோம். மூன்றும் சேர்ந்த குப்பி கிடைக்கிறது, கூலி ஒன்றுதான். என் கணக்கில் கூண்டுப் பண்ணைகள் நெருங்கி நிற்கும் இடத்தில் கில்டைத் தவிர்க்கக் காரணமே இல்லை. பக்கத்தில் பல கிலோமீட்டருக்குப் பண்ணை இல்லாத, ஒரே வயதுக் கோழி வளர்ப்பவர் வேண்டுமானால் யோசிக்கலாம்.

ஊசியில் நடக்கும் தவறுகளும் உண்டு. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே குத்தினால் எண்ணெய் கெட்டியாக இருந்து கட்டி விழும். குப்பியை முந்தின இரவே வெளியில் எடுத்து வைக்க வேண்டும். கழுத்தின் நடுவில், தோலுக்கு அடியில், உடம்பைப் பார்த்த திசையில் ஊசி போக வேண்டும். தலைக்குக் கிட்டப் போட்டால் முகம் வீங்கும், அதைக் கொரைசா என்று நினைத்து அதற்கு மருந்து தேடுவார்கள்.

ஊசி போட்ட பிறகும் எட்டு வாரத்துக்கு ஒரு லைவ் வேண்டுமா? மழை, பனிக்காலத்தில் சுற்றுவட்டாரத்தில் சத்தம் இருந்தால் கொடுக்கலாம். ஆனால் வளரும் பருவத்தில் பார்த்தே இராத ஒரு வகையை முட்டையிடும் கோழிக்கு முதன்முதலாக லைவாகக் கொடுக்கக் கூடாது. மருந்தே முட்டையை இறக்கிவிடும்.

கடைசியாக வகை. மாசசூசெட்ஸ் மட்டும் போதுமா, 4/91 போன்ற மாறுபட்ட வகையும் வேண்டுமா? வைரஸின் மேல் முள் அடிக்கடி மாறுவதால் ஒரு வகை மற்றதை முழுதாகத் தடுக்காது. இரண்டு தொலைவான வகைகளை முன்பின்னாகக் கொடுத்தால் இரண்டிலும் சேராத மூன்றாவதற்கும் ஓரளவு காப்பு கிடைக்கும் என்பது நிரூபிக்கப்பட்ட விஷயம். இருந்தாலும் உங்கள் பகுதியில் இல்லாத வகையை உயிரோடு கொண்டுவந்து ஷெட்டில் விடுவது புத்திசாலித்தனம் இல்லை. ஒழுங்காக மருந்து போட்டும் இருமல் வருகிறது, அல்லது செத்த கோழியில் சிறுநீரகம் வெளுத்து வீங்கி வெள்ளைச் சுண்ணாம்பு படிந்திருக்கிறது என்றால், நோய் தொடங்கிய முதல் வாரத்துக்குள் தொண்டைக் குச்சி மாதிரியை ஐஸில் வைத்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மாதிரியான இடத்துக்குக் கொண்டுபோய் பி.சி.ஆர். செய்து வகையைக் கேளுங்கள். ஒரு வாரம் தாண்டிவிட்டால் தொண்டையில் கிடைப்பது குறையும். அப்போது குடல்வாலை ஒட்டிய சுரப்பியும் சிறுநீரகமும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். எந்த மருந்து எந்த வயதில் போட்டது என்ற தாளையும் கூடவே எடுத்துப் போங்கள். பி.சி.ஆர். சோதனை தடுப்பு மருந்தில் இருந்த வைரஸையும் காட்டும், அது எதிலிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்ல அவர்களுக்கு அந்தத் தேதி வேண்டும்.