ப்ரீகாஸ்ட் பலகைக் கூரை: கணக்கில் மிஞ்சிய அந்த 300 மி.மீ.

எங்கள் கூடத்தின் கூரை ப்ரீகாஸ்ட் கான்கிரீட் பலகைகளால், அதாவது முன்பே வார்த்துக் கொண்டுவந்து அடுக்கிய, உள்ளே துளைகள் ஓடும் பலகைகளால் ஆனது. ஒவ்வொன்றும் 600 மி.மீ. அகலம், 150 மி.மீ. கனம். பல மழைக்காலங்களையும் கோடைகளையும் பார்த்துவிட்ட கூரை அது. பலம், வெப்பம், சத்தம் பற்றியெல்லாம் பெரிய குறை இல்லை. நான் எழுத நினைப்பது வேறொன்று: பலகைகளை எண்ணிய விதம் பின்னாளில் கூரையில் எப்படித் தெரிகிறது என்பது.

கூடம் உள்ளளவில் 4.2 மீட்டருக்கு 7.5 மீட்டர். பலகைகள் குறுக்கே, 4.2 மீட்டரைத் தாண்டிக் கிடக்கின்றன. அதுதான் ஸ்பான். பலகையின் ஒவ்வொரு முனையும் சுவர் மேல் 100 மி.மீ. உட்கார வேண்டும் என்று பொறியாளர் முடிவு செய்தார். ஆகவே பலகை நீளம் 4.4 மீட்டர். ஸ்பானின் வேலை இத்துடன் முடிந்துவிடுகிறது. எத்தனை பலகை என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வது பலகை முனைகள் உட்காரும் தாங்குசுவரின் நீளம். 7.5 மீட்டரை 0.6-ஆல் வகுத்தால் 12.5.

பலர் பரப்பை வைத்துக் கணக்கிடுகிறார்கள். 31.5 சதுர மீட்டர் கூடத்தை 2.64 சதுர மீட்டர் பலகையால் வகுத்தால் 11.93, அதாவது 12 என்று அழகாக வந்து நிற்கும். ஆனால் அந்த அழகு பொய். பலகையின் பரப்பில் சுவருக்குள் மறையும் பகுதியும் சேர்ந்திருக்கிறது. அது அரைப் பலகை அகலத்துக்கு விழப்போகும் வெற்றிடத்தை மறைத்துவிடுகிறது.

நீளத்தை எங்கிருந்து எங்கே அளப்பது என்பதும் எண்ணிக்கையை மாற்றும். தாங்குசுவரின் இரு கோடியிலும் குறுக்கே நிற்கும் கடைச்சுவர்கள் ஒவ்வொன்றும் 230 மி.மீ. கனம். வெளிமுகத்திலிருந்து வெளிமுகம் வரை அளந்தால் 7.96 மீட்டர், 13 பலகைக்கும் சற்று மேல். எங்கள் கூரையில் பலகைகள் கடைச்சுவர்களுக்கு இடையே மட்டும் கிடப்பதால் உள்ளளவுதான் செல்லும். இரண்டு முனைகளில் மட்டும் உட்கார வேண்டிய பலகையின் பக்கவாட்டையும் ஒரு சுவர் தாங்கினால், அது வளைய முடியாமல் அந்த ஓரத்தில் விரிசல் காணும்.

திசையை மாற்றிப் போட்டால் 4.2-ஐ 0.6-ஆல் வகுத்து மிச்சமின்றி 7 பலகை வருமே என்று வீட்டில் கேட்டார்கள். வரும். ஆனால் ஸ்பான் 7.5 மீட்டராகிவிடும். ஒரே சீரான பாரத்தில் வளைவு விசை ஸ்பானின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால் அது மூன்று மடங்குக்கும் மேல். கனமான பலகை, பெரிய கிரேன் என்று போகும். கணக்கு மிஞ்சாமல் வருவதற்காக அதைச் செய்வது வீண்.

ஆக 12 பலகைகள், மிச்சம் 300 மி.மீ. பலகையை நீளவாக்கில் அறுத்துப் போடலாம் என்றார்கள். அதற்குப் பதில் ஓரமாகக் கம்பி கட்டி அங்கேயே ஒரு கான்கிரீட் பட்டை போட்டோம். இன்று பார்க்கும்போது இந்த மிச்சம்தான் கூரையின் மிகப் பயனுள்ள பகுதி. மேல்தளக் குழாய்கள் எல்லாம் அதன் வழியாக இறங்குகின்றன. பலகையைத் துளைத்து உள்ளிருக்கும் கம்பியை அறுக்க நேரவில்லை. பலகைகள் அகலத்தில் மி.மீ. கணக்கில் முன்பின் இருக்கும். ஒவ்வொன்றும் 3 மி.மீ. கூடினால் பன்னிரண்டுக்கு 36 மி.மீ. அதையும் அந்தப் பட்டை விழுங்கிக்கொண்டது. சுவர் சரியாக 7.2 மீட்டராக இருந்திருந்தால் கடைசிப் பலகை இறங்கியிருக்காது.

இதற்கு விலையும் உண்டு. பலகைகளுக்கு இடையிலான இணைப்புகளில் மயிரிழைக் கோடுகள்தான் தெரிகின்றன; பட்டையும் பலகையும் சேரும் இடத்தில் கோடு தடிப்பாக இருக்கிறது. பலகை சுருங்க வேண்டியதெல்லாம் பெரும்பாலும் முன்பே சுருங்கிவிட்டது. புதுக் கான்கிரீட் அதன் பக்கத்தில் கிடந்து சுருங்கியது. கோட்டின் குறுக்கே விரலை ஓட்டிப் பார்ப்பேன். இரு பக்கமும் ஒரே மட்டத்தில் இருந்தால் கவலை இல்லை. மேலே ஆள் நடக்கும்போது ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்தால், இணைப்பில் நிரப்பிய சாந்து விட்டுப்போய்ப் பலகைகள் தனித்தனியாகப் பாரம் சுமக்கின்றன என்று பொருள்.

நீர்க்கசிவில்தான் இந்தக் கூரை ஏமாற்றும். ஒருமுறை கூடத்தின் நடுவே ஈரம் கண்டது. நீர் புகுந்ததோ சுவரோரத்தில். பலகையின் துளை வழியே அது ஓடி வந்திருந்தது. ஈரம் தெரிந்த இடத்துக்கு நேர் மேலே தளத்தைக் கொத்துவதற்கு முன், அதே பலகையின் இரு முனைகளையும் பார்க்க வேண்டும்.

பக்கத்து அறைக்கு இப்போது திட்டம் போடுகிறோம். தாங்குசுவரின் உள்ளளவு 3.9 மீட்டர்: 6 பலகை, மீண்டும் 300 மி.மீ. மிச்சம். குழாய்கள் எந்தக் கடைச்சுவரோரம் இறங்குகின்றன என்று பார்த்து, பட்டையை அந்தப் பக்கம் குறித்திருக்கிறேன்.