ட்ரைகிளிசரைட் 1,640: எண்ணெயைக் குறைப்பதா, சோற்றைக் குறைப்பதா?

வெள்ளவத்தையில் வசித்து, புறக்கோட்டையில் துணிக்கடை நடத்தும் 46 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பலருடைய ரிப்போர்ட்டுகளைச் சேர்த்து நான் வரைந்த ஆள்தான். நீரிழிவுக்குக் குளிசை எடுக்கிறார், அதுவும் ஒழுங்காக அல்ல, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1சி 10 சதவீதம். வார இறுதியில் சாராயம் உண்டு. 12 மணி நேரம் வெறும் வயிற்றில் இருந்து கொடுத்த இரத்தத்தில் ட்ரைகிளிசரைட் என்ற கொழுப்பு ஒரு டெசிலீற்றருக்கு 1,640 மில்லிகிராம். சாதாரண அளவு 150க்குக் கீழ். இரத்தத்தைச் சுழற்றிப் பிரித்ததும் மேலே நின்ற நீர் தெளிவாக இல்லை, பால் போல வெளுத்திருந்தது.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை. மைத்துனர் சோற்றை நிறுத்திவிட்டு முட்டையும் வெண்ணெயும் சாப்பிடச் சொல்கிறார். அக்கா எண்ணெயை நிறுத்தச் சொல்கிறார். கூட்டாளி மீன் எண்ணெய் மாத்திரை வாங்கித் தருகிறார். ட்ரைகிளிசரைட் 250 இருப்பவரிடம் மைத்துனர் சொல்வது பெரும்பாலும் பலிக்கும். 1,640இல் அது ஆபத்தான ஆலோசனை.

இரத்தத்தில் இந்தக் கொழுப்பு இரண்டு வழிகளில் வருகிறது. சீனி, மாச்சத்து, மது ஆகியவற்றிலிருந்து ஈரல் செய்து அனுப்புவது ஒன்று. சாப்பிட்ட எண்ணெயும் தேங்காயும் குடலிலிருந்து கைலோமைக்ரான் என்ற பெரிய துகள்களாக வருவது இன்னொன்று. இரண்டையும் கரைப்பது லிப்போபுரோட்டீன் லிப்பேஸ் என்ற ஒரே நொதி. கோட்டை ரயில் நிலையத்தில் இரண்டு ரயில்கள் ஒரே நேரத்தில் வந்து, ஒரேயொரு வாசல் மட்டும் திறந்திருந்தால் என்னவாகும்? அளவு ஏறத்தாழ 500ஐத் தாண்டும்போது அந்த நிலைதான். அதற்குப் பிறகு சாப்பிடும் கொழுப்பெல்லாம் தேங்கி நிற்கிறது. கணையத்தின் (சதையி) நுண்குழாய்களில் தேங்கியதை அங்குள்ள நொதி உடைக்க, வெளியாகும் கொழுப்பமிலங்கள் கணையத்தையே புண்ணாக்குகின்றன. 1,000க்கு மேல் போனவர்களில் சுமார் 5 சதவீதத்தினருக்கு இது கணைய அழற்சியாக முடிகிறது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. 2,000க்கு மேல் அது 10 முதல் 20 சதவீதம்.

ஆகவே முதல் சில வாரங்களுக்கு அக்கா சொல்வதுதான் சரி. கைலோமைக்ரான்கள் வந்த வேகத்தில் போகக்கூடியவை. வரவை நிறுத்தினால் சில நாட்களிலேயே அளவு சரியத் தொடங்கும். இலக்கு, நாளுக்கு 20 முதல் 30 கிராம் கொழுப்பு. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் மட்டும் 14 கிராம். கெட்டியான முதற்பால் 100 மில்லிலீற்றரில் ஏறக்குறைய 20 கிராம். காலையில் இடியாப்பத்துக்குச் சொதியும் சம்பலும், மதியம் முதற்பால் விட்ட பருப்பும் பொரித்த மீனும், மாலையில் இரண்டு ரோல்ஸ் என்று போனால் மதியத்துக்கு முன்பே கணக்கு முடிந்துவிடும்.

தேங்காய் எண்ணெய் விதிவிலக்கு என்ற பேச்சைக் கொழும்பில் அடிக்கடி கேட்கிறேன். நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு நேராக ஈரலுக்குப் போய்விடும், கைலோமைக்ரானாக வராது என்பது உண்மையே. ஆனால் அது 8, 10 கார்பன் கொண்ட அமிலங்களுக்குத்தான் முழுமையாகப் பொருந்தும். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ பாதி லோரிக் அமிலம். அதற்கு 12 கார்பன், அதில் பெரும்பங்கு மற்ற எண்ணெய்களைப் போலவே கைலோமைக்ரானில் ஏறித்தான் வருகிறது. இந்த நோயாளிக்குத் தேங்காய் எண்ணெயும் எண்ணெய்தான்.

அதற்காக மைத்துனரை முற்றாக ஒதுக்க முடியாது. எண்ணெயை விட்ட பசியைக் குவியல் சோற்றாலும் சீனி போட்ட தேநீராலும் நிரப்பினால், ஈரல் தன் பங்குக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும், நீரிழிவும் ஏறும். இன்சுலின் போதாமல் இருந்தால் இரத்தத்தில் கொழுப்பைக் கரைக்கும் அந்த நொதியே சரியாக வேலை செய்யாது. இவருக்குச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதே ட்ரைகிளிசரைட் மருந்தின் பாதி. சிலருக்கு இன்சுலின் ஊசி தேவைப்படும். ஆகவே அளவான சிவப்பரிசிச் சோறு, கப்பிப்பாலில் அவித்த பருப்பு, குழம்பில் வெந்த மீன், தாளிக்காத கீரை, சீனியில்லாத பிளேன் டீ. அளவு 500க்குக் கீழே இறங்கியதும் முறை மாறலாம். அப்போது கொஞ்சம் எண்ணெயைத் திரும்பச் சேர்த்து, மாச்சத்தை இன்னும் குறைப்பது நல்லது. மைத்துனரின் யோசனைக்கு நேரம் அப்போதுதான் வருகிறது, வெண்ணெய் இல்லாமல்.

மதுவில் ஒப்பிட அதிகம் இல்லை. சாராயத்தை விட்டு பியருக்கு மாறலாமா என்று கேட்பார்கள். 375 மில்லிலீற்றர் அரைப் போத்தல் சாராயத்தில் ஏறக்குறைய 100 கிராம் மதுசாரம். சாதாரண லாகர் பெரிய போத்தல் நான்கிலும் அதே அளவு, கூடவே மாச்சத்தும். ஈரல் மதுவை எரிக்கும்போது கொழுப்பை எரிக்காமல் ஒதுக்கி வைத்து, அதையே இரத்தத்துக்கு அனுப்புகிறது. மதுவோடு ‘பைட்ஸ்’ என்று பொரித்த கோழியும் கடலையும் சேரும்போது ஏற்றம் இன்னும் பெரியது. குறைப்பதா, நிறுத்துவதா என்றால் நிறுத்துவதுதான். ஆனால் தினமும் அதிகம் குடிப்பவர் ஒரே நாளில் தானாக நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம். அவர்கள் வைத்தியரின் துணையோடு நிறுத்த வேண்டும்.

இனி மருந்துகள். பீனோபைப்ரேட் 30 முதல் 50 சதவீதம் வரை குறைக்கும். 40 சதவீதம் என்று வைத்தால் 1,640 ஏறக்குறைய 980 ஆகும். அதற்கும் சில வாரங்கள் வேண்டும். ஸ்டேட்டின் 20 சதவீதம் குறைத்தால் 1,300க்கு மேல். அது மாரடைப்பைத் தடுக்கும் மருந்து, கணையத்தைக் காப்பதற்குத் தனியாகப் போதாது. இவருக்கு நீரிழிவு இருப்பதால் அதுவும் தேவைப்படும், ஆனால் பீனோபைப்ரேட்டுக்கு மாற்றாக அல்ல. ஸ்டேட்டினோடு ஜெம்பைப்ரோசில் என்ற இன்னொரு பைப்ரேட் மருந்தைச் சேர்ப்பது தசைகளைச் சிதைக்கக்கூடும், பீனோபைப்ரேட்டில் அந்த அபாயம் குறைவு. சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பீனோபைப்ரேட்டின் அளவைக் குறைக்க வேண்டும், சிலருக்குக் கொடுக்கவே கூடாது.

கூட்டாளியின் மீன் எண்ணெய் உண்மையில் வேலை செய்யும், அளவு சரியாக இருந்தால். நாளுக்கு 4 கிராம் வரை ஒமேகா-3 தேவை. கடையில் கிடைக்கும் 1,000 மில்லிகிராம் மாத்திரையில் பொதுவாக ஒமேகா-3 சுமார் 300 மில்லிகிராம்தான். அதாவது நாளுக்கு 13 மாத்திரைகள். ஒன்றிரண்டு விழுங்குவது வெறும் ஆறுதல்.

என் வரிசை இது: மதுவை நிறுத்தி எண்ணெயைக் குறைப்பது அன்றே, சர்க்கரைக் கட்டுப்பாடு அந்த வாரமே, பீனோபைப்ரேட் அவற்றோடு சேர்த்து. இரண்டு வாரத்தில் மறுபடி சோதனை. எல்லாம் செய்தும் 1,000க்குக் கீழே இறங்காவிட்டால் பரம்பரைக் குறைபாட்டைச் சந்தேகிக்க வேண்டும். நொதியே இல்லாதவர்களுக்குப் பைப்ரேட் பெரிதாக உதவாது. தைராய்டையும் சிறுநீரில் புரதத்தையும் பார்ப்பார்கள். வேறு நோய்க்கு எடுக்கும் ஸ்டீராய்டு, ஈஸ்ட்ரஜன், ஒலன்சபின், முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினோயின் ஆகியவையும் அளவை ஏற்றும். அவற்றைத் தானாக நிறுத்தாமல் எழுதிக் கொடுத்தவரிடம் ரிப்போர்ட்டைக் காட்ட வேண்டும்.

இதற்கிடையில் மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்கு ஊடுருவும் வலியும் வாந்தியும் வந்தால் கேஸ்ட்ரிக் என்று நினைத்துக் காத்திருக்கக் கூடாது. எதுவும் சாப்பிடாமல் 1990 அம்பியூலன்சை அழைத்து வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இரத்தம் பால் போல இருக்கும்போது கணைய அழற்சியைக் கண்டறியும் அமிலேஸ் பரிசோதனை தவறாகச் சாதாரணம் என்று காட்டலாம். லிப்பேஸ் பரிசோதனையும் ஸ்கேனும் கூடுதல் நம்பகமானவை. ஆகவே அவசர சிகிச்சைப் பிரிவில் கேட்கும் முதல் வைத்தியரிடமே ட்ரைகிளிசரைட் 1,640 என்று சொல்லிவிடுவது நல்லது.